தாளைத் தூக்கிக் காட்டும் நிழல்

கோவையில் கடை திறக்கவிருந்த ஒரு செக்கு எண்ணெய் நிறுவனத்துக்கு விசிட்டிங் கார்டு, லெட்டர்ஹெட், கவர் மூன்றையும் ஓர் இளம் வடிவமைப்பாளர் செய்து கொடுத்தார். மூன்றும் வெள்ளைத் தாள், மூலையில் ஒரு வட்டப் பச்சை லோகோ. வெறும் பிடிஎஃப்பாக அனுப்பியபோது உரிமையாளருக்குப் பிடிபடவில்லை. வெள்ளைத் திரையில் வெள்ளைத் தாளின் விளிம்பு எங்கே தெரியும்? அதையே மென்நிழல் கொண்ட மாக்கப் கோப்பில் பொருத்தி அனுப்பியதும், "இப்பத்தானுங்க புரியுது" என்று பதில் வந்தது.

அந்தக் கோப்பு எப்படி வேலை செய்கிறது? மேசைமீது மூன்று தாள்களையும் மேலிருந்து பார்க்கிற மாதிரி அமைந்த ஃபோட்டோஷாப் பிஎஸ்டி அது. ஒவ்வொரு தாளும் ஒரு ஸ்மார்ட் ஆப்ஜெக்ட். லேயரின் சிறு படத்தை இரண்டு முறை சொடுக்கினால் உள்ளே தனிக்கோப்பு திறக்கும். அதில் வடிவமைப்பை வைத்து `Ctrl+S` அழுத்தினால் வெளியே படம் மாறிவிடும். வேறு பெயரில் சேமித்தால் மாறாது. புதியவர்கள் அரை மணி நேரம் தடுமாறும் இடம் இதுதான். ஃபோட்டோஷாப் இல்லாதவர்கள் பிரவுசரில் இயங்கும் ஃபோட்டோபியாவிலும் இதைத் திறக்கலாம்.

முதல் சிக்கல் கார்டில் வந்தது. கோப்பில் இருந்தது 85×55 மில்லிமீட்டர் ஐரோப்பிய அளவு. அச்சகம் சொன்னதோ 3.5×2 அங்குலம். அந்த வடிவமைப்பை ஐரோப்பியச் சட்டத்துக்குள் இழுத்து நிரப்பியதும் அகலத்தோடு ஒப்பிட்டால் உயரம் சுமார் எட்டில் ஒரு பங்கு கூடி, வட்ட லோகோ முட்டையாகிவிட்டது. வட்டம் இல்லாத லோகோவாக இருந்தால் யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அதனால் கோப்பு வாங்கியதும் முதலில் ஒரு வட்டம் வரைந்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது சிக்கல் தமிழுக்கே உரியது. ஸ்மார்ட் ஆப்ஜெக்டுக்குள் 'செக்கு' என்று தட்டியபோது ஒற்றைக்கொம்பு 'ச'வுக்குப் பின்னால் போய் நின்றது. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளில், எழுத்து அமைப்பில் தெற்காசிய மொழிகளுக்கான தேர்வை இயக்காதவரை இப்படித்தான் ஆகும். வடிவமைப்பாளர் எழுத்தை வேறு மென்பொருளில் அமைத்து, கோடுகளாக மாற்றி ஒட்டினார். அதுவே பாதுகாப்பான வழி.

இனி நிழல். இந்தக் கோப்பின் அழகும் குறையும் அதில்தான் இருக்கின்றன. படத்தில் ஏ4 தாளின் 297 மில்லிமீட்டர் உயரம் சுமார் 2,400 பிக்சலுக்கு நீள்கிறது. அதாவது ஒரு மில்லிமீட்டருக்கு 8 பிக்சல். 100 ஜிஎஸ்எம் லெட்டர்ஹெட் தாளின் தடிமன் ஏறத்தாழ 0.12 மில்லிமீட்டர், படத்தில் ஒரு பிக்சல். 300 ஜிஎஸ்எம் கார்டு மூன்று பிக்சல். வெளிச்சம் 45 பாகையில் சாய்ந்து விழுந்தால் நிழலின் நீளமும் பொருளின் உயரமும் ஒன்றே. கோப்பில் மூன்றுக்கும் ஒரே மாதிரி 48 பிக்சல் நிழல் விழுந்திருந்தது. கணக்குப்படி லெட்டர்ஹெட் மேசையிலிருந்து 6 மில்லிமீட்டர் மேலே மிதக்கிறது! கண்ணுக்கு அது தாளாகவே படவில்லை, அட்டையாகப் பட்டது.

உண்மைத் தாள் முழுக்கத் தட்டையாகக் கிடக்காது. ஓரம் கொஞ்சம் எழும்பும். அதற்கு இடம் கொடுத்து, லெட்டர்ஹெட்டின் நிழலை 12 பிக்சலுக்குக் குறைத்தார். மடிப்பும் உள்ளே காற்றும் இருக்கும் கவருக்கு 24. கார்டுக்கு 16. தாள் மேசையைத் தொடும் விளிம்பில் மட்டும் மெல்லிய அடர்ந்த கோடு ஒன்றைச் சேர்த்தார். அந்தக் கோடு வந்ததும் மூன்றும் மேசையில் உட்கார்ந்துவிட்டன. நிழல் லேயர் ஸ்டைலாக இருந்ததால்தான் இத்தனையும் முடிந்தது. பின்னணிப் படத்தோடு சேர்த்தே வரைந்திருந்தால் கைவைக்க வழியில்லை. வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி இது.

பின்னணியைக் கரும்பச்சைக்கு மாற்றியபோது இன்னொன்று தெரிந்தது. கவரின் நிழல் மட்டும் சாம்பல் தூவியதுபோல வெளிறியது. மற்ற இரண்டும் `Multiply` முறையில் இருக்க, அது ஒன்று `Normal`-இல் சாம்பல் நிறமாக இருந்தது. மாற்றியதும் சரியாயிற்று.

மொத்தத்தில் நல்ல கோப்புதான். அரை நாள் கைவேலை கேட்கிறது. அச்சகத்துக்கு இந்தப் படத்தை அனுப்பக் கூடாது, 3 மில்லிமீட்டர் பிளீடு வைத்த தனிப் பிடிஎஃப்பே போக வேண்டும். மாக்கப் ஆர்ஜிபி நிறத்தில் இருக்கிறது, அச்சு சிஎம்ஒய்கே மையில். மாதிரி அச்சு வந்த அன்று உரிமையாளர் கார்டைக் கைபேசித் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, பச்சை ஏன் மங்கியிருக்கிறது என்று கேட்டார். அந்தப் பச்சைக்குத் தனி மை கலந்து அடிக்க அச்சகம் ஒப்புக்கொண்டது.