ஒரு வாக்கியத்துக்கு எத்தனை சரியான வரிசை?

கலைத்துக் கொடுத்த சொற்களை ஒழுங்குபடுத்தி வாக்கியமாக்கும் வினா தமிழகத்திலும் இலங்கையிலும் உண்டு. ஆனால் திருத்தும் முறை ஒன்றல்ல. தமிழகத்தில் இதன் பெரிய களம் அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் குரூப் 4 போன்ற தேர்வுகள். அங்கே 200 வினாக்களுக்கு 300 மதிப்பெண். நான்கு வரிசைகள் அச்சாகியிருக்கும், தேர்வர் ஒன்றைக் குறிப்பார், எந்திரம் திருத்தும். இலங்கைப் பாடசாலைத் தவணைப் பரீட்சையிலோ மாணவர் வாக்கியத்தைத் தாமே எழுதுவார், ஆசிரியர் வாசித்துப் புள்ளியிடுவார். எனவே பல வரிசைகள் சரியாக வரும்போது அந்தச் சுமை ஓரிடத்தில் வினா அமைப்பவர் மீதும் மற்றோரிடத்தில் திருத்துபவர் மீதும் விழுகிறது. இரண்டு முறைக்கும் பொதுவான மருந்து ஒன்றே: எவையெல்லாம் சரி என்பதை முதல் விடைத்தாளைத் தொடுமுன் விதியாக எழுதிவைக்க வேண்டும்.

‘நேற்று, புதிய, வாசித்தான், நூலகத்தில், கண்ணன், புத்தகத்தை’ என்ற ஆறு சொற்களை எடுத்துக்கொள்வோம். வினைமுற்று இறுதியில் நிற்கும். ‘புதிய’ தான் தழுவும் பெயருக்கு முன்னால் ஒட்டி நிற்கும். மற்றவற்றின் உறவை ‘இல்’, ‘ஐ’ என்ற உருபுகள் காட்டிவிடுவதால் அவை இடம் மாறலாம். ‘புதிய புத்தகத்தை’ ஓர் அலகு. அதோடு நேற்று, கண்ணன், நூலகத்தில். நான்கு அலகுகள் 24 வரிசைகளைத் தரும். ‘கண்ணன் நேற்று நூலகத்தில் புதிய புத்தகத்தை வாசித்தான்’ என்பதும் ‘புதிய புத்தகத்தை நேற்று நூலகத்தில் கண்ணன் வாசித்தான்’ என்பதும் ஒரே செய்தியைச் சொல்கின்றன. அழுத்தம் மட்டும் மாறுகிறது. ஆனால் ‘புதிய நூலகத்தில்’ என்றும் சேர்க்கலாமே! அப்போது பொருளே வேறாகி இன்னும் 24 வரிசைகள் பிறக்கின்றன. இது மாணவரின் பிழையல்ல, வினாவின் பிழை. ‘புதிய’ என்பதைக் ‘கிழிந்த’ என்று மாற்றினால் அது புத்தகத்துக்கே பொருந்தும். மீண்டும் 24 மட்டுமே மிஞ்சும். சந்தியையும் கவனிக்க வேண்டும். ‘புத்தகத்தை நேற்று’ என்னும்போது ஒற்று இல்லை. ‘புத்தகத்தைக் கண்ணன்’ என்னும்போது மிகுகிறது. ஆகவே சொற்பட்டியலில் ‘புத்தகத்தைக்’ என்று அச்சிட்டால் அடுத்த சொல் எதுவென்று வினாவே காட்டிக்கொடுத்துவிடும். ‘புத்தகத்தை’ என்று அச்சிட்டால், ஒற்று விட்டதற்குப் புள்ளி குறைக்கலாமா என்பதையும் முன்பே முடிவு செய்ய வேண்டும்.

தேர்வாணைய முறையில் பிழை பெரும்பாலும் தேர்வுக்குப் பின்னரே வெளிப்படுகிறது. உத்தேச விடைக்குறிப்பு வெளியாகி, தேர்வர்கள் ஆட்சேபம் தெரிவித்து, அதன்பின் இறுதிக் குறிப்பு வருகிறது. நல்ல ஏற்பாடுதான், ஆயினும் 24 சரியான வரிசைகளில் இரண்டை நான்கு விடைகளுக்குள் வைத்துவிட்டு, ஆட்சேபம் வந்தபின் திருத்துவதைவிட, மற்ற மூன்றும் ஐயமின்றித் தவறாக இருக்கும்படி அமைப்பதே மேல். ‘கண்ணன் வாசித்தான் நேற்று’ என்று வினையை நடுவே நகர்த்துவது போதாது. பேச்சிலும் செய்யுளிலும் அது வழங்குகிறது. ‘கண்ணன் கிழிந்த நேற்று நூலகத்தில் புத்தகத்தை வாசித்தான்’ என்று அடையைப் பெயரிலிருந்து பிரித்தால் யாரும் வாதாட முடியாது. இலங்கையில் பொதுப் பரீட்சைகளுக்குப் புள்ளியிடும் திட்டம் உண்டு. பரீட்சகர்கள் அதைக் கலந்துபேசிய பின்னரே திருத்தத் தொடங்குகிறார்கள். வகுப்பறைக்கும் ஏற்ற நல்ல வழி அது. ஆனால் திட்டத்தில் ஒரு மாதிரி வாக்கியமும் ‘ஏற்புடைய பிற விடைகளுக்கும் புள்ளி வழங்குக’ என்ற வரியும் மட்டும் இருந்தால், எது ஏற்புடையது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அடை பெயரோடு சேர்ந்ததா, வினைமுற்று இறுதியில் வந்ததா என இரண்டு நிபந்தனைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தால் 24 வாக்கியங்களையும் பட்டியலிடத் தேவையில்லை.

எல்லாவற்றையும் ஏற்றால் இயல்பான நடையை எப்போது கற்பிப்பது என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. இயல்பான வரிசையைச் சோதிக்க வேண்டுமென்றால் அதற்கேற்ற சூழலை வினாவில் தர வேண்டும். ‘கிழிந்த புத்தகத்தை வாசித்தது யார்?’ என்ற கேள்விக்கு விடையாக வாக்கியத்தை அமைக்கச் சொன்னால், ‘கண்ணன்’ வினைக்கு நேர் முன்னால் வருவதே பொருத்தம் என்று காரணத்தோடு சொல்லலாம். சூழலே தராமல் ‘இப்படித்தான் வர வேண்டும்’ என்பது மாணவரின் இலக்கண அறிவை விட்டு, வினா அமைத்தவரின் பழக்கத்தைச் சோதிப்பதாகும். ஏராளமான தாள்களை இப்படித் திருத்த நேரம் ஏது என்பது அடுத்த ஆட்சேபம். இரண்டு நிபந்தனைகளைப் பார்ப்பது, மாதிரி விடையோடு சொல்சொல்லாக ஒப்பிடுவதைவிட விரைவான வேலை. எந்திரத் திருத்தத்துக்கோ கூடுதல் நேரமே வேண்டாம், கவனம் முழுவதும் வினா எழுதும் மேசையில் செலவாகிறது. சரியாக எழுதிய பிள்ளை புள்ளி இழந்தால், தனக்குத் தெரிந்த தமிழையே அது சந்தேகிக்கத் தொடங்கும். தேர்வாணையத்தின் ஆட்சேப வாய்ப்பு தவணைப் பரீட்சை எழுதும் பிள்ளைக்குப் பெரும்பாலும் இல்லாததால், விதியை முன்கூட்டி எழுதும் கடமை அங்கேதான் அதிகம்.