மேல்வரி போனால் பேசியவர் யார்?

மின்னஞ்சலை ஃபார்வர்டு செய்யும்போது மேற்பகுதியை அழித்துவிட்டு அனுப்புவது அலுவலகங்களில் சாதாரணம். அதற்கு நியாயமும் இருக்கிறது. பத்துப் பேரின் முகவரிகளும் தொலைபேசி எண்களும் சம்பந்தமில்லாத ஒருவர் கைக்குப் போக வேண்டியதில்லை. கைப்பேசித் திரையில் விஷயமும் சீக்கிரம் கண்ணில் படும். 1995இல் வெளிவந்த RFC 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டியும் அனுப்பும் மடலைச் சுருக்கலாம் என்றே சொல்கிறது. ஆனால் சொன்னவர் யார் என்பதைச் சரியாகக் குறிப்பிட வேண்டும் என்றும் அது கேட்கிறது. நம் பழக்கம் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டது.

வீடு கட்டும் ஒருவருக்கு மேற்பார்வையாளர் இந்த மடலை அனுப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

```
பொறியாளர் எழுதியது:
> ஒப்பந்ததாரர் எழுதியது:
>> வியாழக்கிழமை கான்கிரீட் போடலாம்.
> கம்பி கட்டியதை நான் பார்க்கவில்லை. பொறுங்கள்.
```

பதில் ஏற ஏற ஒவ்வொரு வரிக்கும் முன்னால் ஒரு `>` கூடும். ஒருவரின் பெயரைச் சொல்லும் வரிக்கு, அவருடைய பேச்சைவிட ஒரு குறி குறைவாக இருக்கும். அதனால் பொறியாளரின் பெயர் குறியே இல்லாமல் உச்சியில் நிற்கிறது. அழிக்கும்போது முதலில் போவதும் அதுதான். அது போனபின் எஞ்சும் ஒரே பெயர் ஒப்பந்ததாரருடையது. வேலையை நிறுத்தச் சொன்னது பொறியாளர். வீட்டுக்காரரோ ஒப்பந்ததாரர்தான் இழுத்தடிக்கிறார் என்று நினைப்பார், அல்லது அது மேற்பார்வையாளரின் சொந்தக் கருத்து என்று ஒதுக்குவார். பெயரே இல்லாத மடல் என்றால் யார் என்று கேட்டிருப்பார். தவறான பெயர் எஞ்சியிருப்பதால் கேட்கத் தோன்றாது. இந்தப் பழக்கத்தின் பெரிய குறை இதுவே என்பேன்.

வெட்டு நடந்திருப்பதைப் பெறுபவர் கண்டுபிடிக்க முடியும். ஒரு குறியுள்ள பேச்சு இருந்தால், அதற்கு மேலே குறியில்லாத பெயர்வரி இருக்க வேண்டும். இல்லையென்றால் ஏதோ போயிருக்கிறது. குறிகளுக்குப் பதிலாகச் செங்குத்துக் கோடுகள் காட்டும் செயலிகளிலும் கணக்கு இதுதான். மேலே யாருடையது என்று தெரியாத ‘நான்’ வந்தாலும் சந்தேகப்படலாம்.

சுருக்க வேண்டுமானால் முகவரிகளை நீக்கிவிட்டுப் பெயரையும் தேதியையும் விட்டுவைக்கலாம், நடுவில் வெட்டிய இடத்தில் [...] போடலாம். தகராறு வரக்கூடிய விஷயத்துக்கு இதுவும் போதாது. ஃபார்வர்டு செய்யும்போது உள்ளே வந்து விழும் அனுப்புநர் பெயரும் தேதியும் வெறும் எழுத்துகள்தான். யாரும் தடயமின்றி மாற்றிவிடலாம். ஜிமெயிலில் உள்ள Forward as attachment வழியாக அனுப்பினால், மூல மடல் தன் தலைப்புகளோடு .eml கோப்பாகப் போகும். ஆனால் நாம் மறைக்க நினைத்த முகவரிகளும் அதோடு போய்ச் சேரும். ஆகவே அந்த வழியை, மடலில் இருக்கும் எல்லோரையும் முன்பே அறிந்த ஒருவருக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.