நினைவு வினாவிலிருந்து பகுப்பாய்வு வினாவுக்கு

சிறிய அறிவியல் கட்டுரை ஒன்றை வகுப்பில் விவாதிக்க வினாக்கள் தயாரிக்கும்போது, நினைவு வினாக்களில் தொடங்கிப் பகுப்பாய்வு வினாக்களுக்குப் படிப்படியாக ஏறுவது வழக்கம். பெஞ்சமின் புளூம் குழுவினர் 1956-இல் வெளியிட்ட கற்றல் நோக்கங்களின் வகைப்பாடு இந்த வரிசைக்கு வலுச் சேர்த்தது. வரிசை பயனுள்ளதுதான். ஆனால் வினாக்களை அதே வரிசையில் எழுதத் தொடங்கும்போது சிக்கல் வருகிறது.

மருத்துவர் பாரி மார்ஷலைப் பற்றிய ஒரு பக்கக் கட்டுரையை எடுத்துக்கொள்ளலாம். வயிற்றுப் புண்ணுக்கு மனவுளைச்சலும் அமிலமுமே காரணம் என்று மருத்துவர்கள் நம்பிய காலத்தில், ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் மார்ஷலும் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியாவைச் சந்தேகித்தனர். 1984-இல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவைத் தாமே குடித்தார். குடிப்பதற்கு முன் எண்டோஸ்கோப்பியில் அவர் இரைப்பையில் தொற்று இல்லை. குடித்த சில நாள்களில் வாந்தி வந்தது. மறுபடி பார்த்தபோது இரைப்பை அழற்சியும் பாக்டீரியாவும் தெரிந்தன. இருவருக்கும் 2005-இல் நோபல் பரிசு கிடைத்தது.

யார் குடித்தார், எந்த ஆண்டில், எந்த நகரில் என்று கேட்டால் விடை உடனே வரும். விவாதம் அங்கேயே நிற்கும். ‘மறு சோதனையில் என்ன தெரிந்தது?’ என்பதும் நினைவு வினாதான், ஆனால் அது வேறு ரகம். அவருக்கு வந்தது அழற்சி, புண் அல்ல என்பதை மாணவர்கள் கவனித்துவிட்டால் அடுத்த வினா தானாக எழுகிறது: ‘இந்தச் சோதனை எதை நிறுவியது, எதை நிறுவவில்லை?’ நலமான இரைப்பையிலும் பாக்டீரியா அழற்சி உண்டாக்கும் என்பது தெரிந்தது. புண்ணுக்கும் அதுவே காரணம் என்பது ஒரே ஆளிடம் நடந்த இந்தச் சோதனையால் உறுதியாகவில்லை. அதற்குப் பாக்டீரியாவை ஒழித்தால் புண் திரும்ப வராமல் நிற்கிறதா என்று பல நோயாளிகளிடம் பார்க்க வேண்டியிருந்தது. பின்னர் அப்படித்தான் பார்த்தார்கள்.

ஆகவே பகுப்பாய்வு வினாவை முதலில் எழுதி, அதற்குத் தேவையான நினைவு வினாக்களை மட்டும் பின்னோக்கித் தேடுவதே மேல். கீழிருந்து தொடங்கினால் பெயரும் ஆண்டுமே பாதி நேரத்தைத் தின்றுவிடும்.

வினாச் சொல்லை நம்பியும் ஏமாறலாம். ‘மார்ஷல் ஏன் குடித்தார்?’ என்பது பகுப்பாய்வு போலத் தோன்றும். விடை கட்டுரையில் ஒரே வரியில் இருந்தால், அது நினைவு வினாவே. விடையை அடிக்கோடிட்டுக் காட்ட முடிகிறதா என்று பார்த்தாலே தெரிந்துவிடும். ‘நீங்களாக இருந்தால் குடிப்பீர்களா?’ என்பதற்குக் கைகள் மளமளவென உயரும், ஆனால் கட்டுரையைப் படிக்காதவரும் பதில் சொல்லலாம்.

நினைவுப் படியை முற்றிலும் விட்டுவிடுவதும் சரியில்லை. கட்டுரையைத் தட்டுத்தடுமாறிப் படித்தவர்கள் ஒதுங்கிவிட, வழக்கமாகப் பேசும் இரண்டு மூன்று பேரே பேசுவார்கள். மேலும், பகுப்பாய்வு வினாவுக்குப் பின் ஆசிரியர் காத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருக்கிறார்கள் என்றும், மூன்று நொடிக்கு மேல் பொறுத்தால் விடைகள் நீள்கின்றன என்றும் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ தம் ஆய்வுகளில் கண்டார்.