அன்னதான அடுப்படியும் ஆறாத மனசும்

“மனசு சரியில்லன்னா கோயிலுக்குப் போ, நாலு பேருக்குச் சோறு போடு, சரியாப் போயிடும்.” ஈப்போ வட்டாரத்தில் காலங்காலமாகச் சொல்லப்படும் வைத்தியம் இது. முன்பு பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். இப்போது பிள்ளைகள், வீட்டில் தனித்துவிட்ட பெரியவர்களுக்குச் சொல்கிறார்கள். இதில் உண்மை உண்டு. ஆனால் எந்த வேலை, எவ்வளவு நேரம், யாரோடு சேர்ந்து என்று எவரும் கேட்பதில்லை. பலன் கிடைப்பதும் கிடைக்காமல் போவதும் பெரும்பாலும் அந்த மூன்றையும் பொறுத்ததுதான்.

எண்ணிப் பார்க்க ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது அறுபதைத் தாண்டியவர். சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை வளர்த்தவர். தோட்டத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது; லயம் காலியானது. இப்போது புந்தோங்கில் மகனோடு அடுக்குமாடி வீட்டில் இருக்கிறார். கணவர் காலமாகிவிட்டார். மகனும் மருமகளும் விடிவதற்குள் வேலைக்குக் கிளம்பிவிட, பகல் முழுக்கத் தொலைக்காட்சிதான் துணை. சாப்பாட்டுக்குக் குறையில்லை. ஆனால் இன்றைக்கு இவர் வந்தே ஆக வேண்டும் என்று எதிர்பார்க்க உலகத்தில் ஒருவரும் இல்லை. தோட்டத்தில் விடியுமுன் பெரட்டுக்கு நிற்காவிட்டால் மண்டோர் ஆள் அனுப்பி விசாரிப்பார். அந்த அதட்டலை யாரும் ஏக்கத்தோடு நினைப்பதில்லை. இருந்தாலும் ஆள் வரவில்லையென்றால் தெரியும் என்கிற நிலை அப்போது இருந்தது.

இவரை வெள்ளிக்கிழமை அன்னதானத்துக்கு அழைக்கிறார்கள். இருநூறு பேருக்குச் சமையல் என்றால் இருபது, இருபத்தைந்து கிலோ அரிசி. வெங்காயமும் பூண்டும் முதல் நாள் மாலையே உரித்தாக வேண்டும். பாய் விரித்து நாலைந்து பெண்கள் வட்டமாக உட்காருவார்கள். கைக்கு வேலை இருக்கிறது, வாய் சும்மா இருக்கிறது. கண்ணுக்குக் கண் பார்க்காமல் பேசலாம் என்பதால் கணவரைப் பற்றிய பேச்சு தானாக வரும், வெங்காயத்தின் மேல் பழி போட்டுக் கொஞ்சம் அழவும் செய்யலாம். பேச விருப்பமில்லையென்றால் உரித்துக்கொண்டே இருக்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். மறுநாள் மதியம் இரண்டு மணிக்கு அண்டா காலியாகிவிடும். வேலை முடிந்தது கண்ணுக்குத் தெரியும். அடுத்த வாரம் இவர் வராவிட்டால் “என்னக்கா, காணோமே?” என்று போன் வரும்.

இதே கோயிலில் இவரைப் பந்தியில் பரிமாற நிறுத்தினால் கதை வேறு. இருநூறு பேரைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், குழம்பு பத்தவில்லை என்கிற முணுமுணுப்பைக் கேட்க வேண்டும், ஓடியாட வேண்டும். சோர்ந்த மனசுக்கு இது பாரம். ஆனால் புதிதாக வருபவரைப் பெரும்பாலும் கரண்டியோடு பந்தியில்தான் விடுகிறோம். கற்றுக்கொடுக்க ஒன்றுமில்லை, படத்திலும் நன்றாகத் தெரியும் என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஆய்வும் ஏறக்குறைய இந்தப் பக்கமே சாய்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிரெக், சீவன்ஸ் என்ற இருவர், மனச்சோர்வோ பதற்றமோ உள்ள 122 பேரை மூன்று குழுவாகப் பிரித்து ஐந்து வாரம் கவனித்தார்கள். ஒரு குழு நண்பர்களோடு சேர்ந்து ஏதாவது செய்யத் திட்டமிட்டது. இன்னொன்று தன் எண்ணங்களை எழுதிச் சீர்தூக்கிப் பார்த்தது. மூன்றாவது, வாரத்தில் இரண்டு நாள், நாளுக்கு மூன்று சின்ன உதவிகள் செய்தது. மூன்று குழுவுக்கும் சோர்வு குறைந்தது. ஆனால் மற்றவர்களோடு ஒட்டிப்போன உணர்வு, உதவி செய்த குழுவுக்கே கூடுதலாக வந்தது. தன்னைப் பற்றியே சுற்றிச் சுற்றி நினைப்பது குறைந்ததும் ஒரு காரணம் என்றார்கள். அங்கே செய்யச் சொன்னவை சின்னச் சின்ன உதவிகள் என்பதை மறக்கக் கூடாது.

அளவு முக்கியம். அமெரிக்க முதியவர்களைப் பற்றி மியூசிக், ஹெர்சாக், ஹவுஸ் ஆகியோர் 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டுக்கு 40 மணி நேரத்துக்குக் குறைவாக, அல்லது ஒரே ஓர் அமைப்பில் தொண்டு செய்தவர்களிடமே இறப்பு விகிதம் குறைந்து காணப்பட்டது. நாற்பது மணி நேரம் என்றால் வாரத்துக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. உடம்பு நன்றாக இருப்பவர்கள்தான் தொண்டுக்கே வருகிறார்கள் என்ற சந்தேகத்தை இத்தகைய ஆய்வுகளால் முழுசாகப் போக்க முடியாது. என்றாலும் நம் கோயில் மண்டபங்களில் தைப்பூச மாதத்தில் வீட்டுக்கே போகாமல் உழைக்கும் சிலரைப் பார்க்கும்போது இந்தக் கணக்கு நினைவுக்கு வரும். வேலை முடிந்தும் கிளம்ப மனமில்லாதவர், எல்லா முறையையும் தானே எடுத்துக்கொள்பவர், மற்றவர் வராததற்குக் கொதிப்பவர்: இவர்களிடம் ‘எவ்வளவு பக்தி’ என்று வியக்கிறோம். வீட்டில் எதற்கு முகம் கொடுக்க முடியாமல் இங்கேயே இருக்கிறார் என்று கேட்பதில்லை.

இன்னொரு வகைத் தொண்டு, துயரத்தையே கேட்பது. ஈப்போவில் பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 1953இல் லண்டனில் சாட் வரா தொடங்கிய சமாரிட்டன்ஸ் வழிவந்தது. அறிவுரை சொல்லாமல், தீர்ப்பு வழங்காமல், பேர் கேட்காமல் கேட்டுக்கொண்டிருப்பதே அங்கே வேலை. ‘நானும் பட்டிருக்கிறேன், எனக்குப் புரியும்’ என்று இதற்கு வர நினைப்பவர்கள் உண்டு. அந்த எண்ணம் மதிக்கத்தக்கது. ஆனால் சொந்தக் காயம் ஆறாதவர், எதிர்முனையில் அழுபவரின் கதைக்குள் தன் கதையைத் தேடத் தொடங்கிவிடுவார். அப்புறம் அவர் கேட்பதில்லை, ஆறுதல் சொல்லத் துடிப்பார். இந்த மரபில் ஆளைத் தேர்ந்து, பயிற்சி கொடுத்து, பேசி முடித்தபின் தொண்டரோடும் ஒருவர் உட்கார்ந்து பேசுவது அதனால்தான். அந்த ஏற்பாடு எதுவுமில்லாமல் நம் சங்கங்களில் ‘கவுன்சலிங்’ என்று ஒரு மேசை போட்டு யாரையாவது உட்கார வைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பெறுபவர் பக்கமும் ஒன்று இருக்கிறது. தோட்டத்தில் ஒரு சாவு என்றால் அந்த வீட்டில் உலை ஏறாது. பக்கத்து லயத்திலிருந்து சோறு வரும், ஒருவர் பந்தல் போடுவார், இன்னொருவர் அடுத்த தோட்டத்துக்குச் சேதி சொல்லப் போவார். இன்று கொடுத்தவர் நாளை வாங்குவார் என்பதால் யாரும் தலைகுனிய வேண்டியிருந்ததில்லை. இன்று நாம் கொண்டுபோய்க் கொடுக்கும் அரிசிப் பைகளில் அப்படித் திருப்பிக் கொடுக்கும் வழி அடைபட்டிருக்கிறது. காலியான தோட்டத்தில் மிச்சமிருக்கும் முதியவர், பையைப் பிடித்தபடி கேமராவைப் பார்த்து நிற்கிறார். கொடுத்தவர் மனநிறைவோடு ஈப்போ திரும்புகிறார். அந்த முதியவரிடம் ஒரு வேலையைக் கேட்டு வாங்கியிருந்தால், குறைந்தபட்சம் மற்ற வீடுகளுக்கு வழிகாட்டச் சொல்லியிருந்தால், அவருக்கும் அதில் பங்கு இருந்திருக்கும்.

தொண்டு என்ற இந்த வைத்தியத்தால் வரும் பெரிய கேடு, அது வேறு வைத்தியத்தைத் தள்ளிப்போட வைப்பது. 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் தொடங்கிய மனநல மருத்துவமனையின் இன்றைய பெயர் பஹாகியா; ஆனாலும் அந்த ஊர்ப் பெயர் பேராவில் இன்னும் கேலிச் சொல்லாகவே உலவுகிறது. மகனுக்கோ மகளுக்கோ மனம் சரியில்லையென்றால் அந்தப் பெயர் வாயில் வந்துவிடக் கூடாதே என்று கோயில் சேவைக்கு அனுப்புகிறோம். இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, சாவைப் பற்றிய பேச்சு வருகிறது என்றால் பூண்டு உரித்து அது தீராது. அரசாங்கக் கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவும் 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. உண்மையைச் சொன்னால் வழக்கு வரும் என்ற பயத்துக்கு இனி இடமில்லை. பாயில் பக்கத்தில் உட்கார்ந்து உரிப்பவருக்குத்தான் இந்த அறிகுறிகள் முதலில் தெரியவரும். கோயில் நிர்வாகங்கள் சமையல்கட்டுக்குப் பொறுப்பானவரிடம் மளிகைக் கணக்கோடு அந்தக் கிளினிக்கின் எண்ணையும் கொடுத்து வைக்கலாம், முதல் தடவை யாராவது ஒருவர் கூடப் போய்வரவும் ஏற்பாடு செய்யலாம்.