‘சில’ என்பதும் ‘எதுவும் இல்லை’ என்பதும்: இத்தாலியப் பகுதிச் சுட்டு பற்றி ஒரு நோக்கு

ஆங்கிலத்திலிருந்து இத்தாலிய மொழிக்குப் பெயர்க்கக் கற்பிக்கும் தொடக்கநிலைக் கைநூல்களில் ஒரு சமன்பாடு அடிக்கடி காணப்படுகின்றது. ஆங்கிலத்தின் ‘சம்’, ‘எனி’ என்னும் இரு சொற்களுக்கும் இத்தாலியத்தின் பகுதிச் சுட்டே ஈடு என்பது அச்சமன்பாடு. கற்பிப்பதற்கு அது எளிது. ஆனால் அதனை எல்லா இடத்தும் கைக்கொள்ளும்போது நடை கெடுவது மாத்திரமன்றிச் சொன்னவரின் கூற்றே மாறிவிடக்கூடும் என்பதை எடுத்துக்காட்டுவதே எமது நோக்கம்.

பகுதிச் சுட்டு என நாம் குறிப்பது, ‘இன்’ என்னும் வேற்றுமைப் பொருள் தரும் ‘தி’ என்ற முன்னிடைச் சொல், குறித்த பொருளைச் சுட்டும் சுட்டோடு புணர்ந்து உண்டாகும் வடிவத்தையாகும். பெயரின் பால், எண், முதலொலி என்பவற்றுக்கேற்ப ‘தெல்’, ‘தெல்லா’, ‘தெய்’, ‘தெல்லெ’ முதலாக அது ஏழு வடிவங்களைப் பெறும். ‘தெல் பானெ’ என்றால் ‘கொஞ்சம் பாண்’. ‘தெல்லெ உவோவா’ என்றால் ‘சில முட்டைகள்’. (போர்த்துக்கேயர் வழியாக எமக்கு வந்த ‘பாண்’ என்ற சொல்லும் இத்தாலியரின் ‘பானெ’யும் ஒரே இலத்தீன் வேரின என்பது சுவையான செய்தி.)

பிரெஞ்சு மொழியில் இத்தகைய சுட்டு பெரும்பாலும் இன்றியமையாதது. இத்தாலியத்திலோ அது விடப்படவும் கூடும். ‘பாண் வாங்கினேன்’ என நாம் சுட்டின்றிச் சொல்வதுபோல அவர்களும் சொல்வர். அங்கு எப்பொருள் வாங்கப்பட்டது என்பதே செய்தி. சுட்டைச் சேர்த்தால், அளவு குறிக்கப்படாத ஒரு கூறு உண்மையில் உள்ளது என்ற உறுதிப்பாடு தோன்றுகின்றது. இவ்வுறுதிப்பாடே எதிர்மறை வாக்கியத்தில் இடருக்குக் காரணமாகின்றது.

ஓர் எடுத்துக்காட்டை நோக்குவோம். இத்தாலியின் பலேர்மோ நகரில் ஈழத்தமிழர் கணிசமாக வாழ்கின்றனர். அங்குள்ள ஓர் அலுவலகத்தில் ஒருவர், தமக்கு ஒரு பத்திரமும் கிடைக்கவில்லை எனக் கூறுவதாகக் கொள்வோம். அது முதலில் ஆங்கிலமாகி, ‘எனி’ என்ற சொல்லைப் பெறுகின்றது. கைநூலின் சமன்பாட்டை நம்பும் மொழிபெயர்ப்பாளர் ‘நொன் ஓ ரிச்செவூத்தோ தெய் தொக்குமெந்தி’ என எழுதிவிடுகின்றார். இவ்வாக்கியம் இத்தாலியர் செவியில் இயல்பாக ஒலிப்பதில்லை. பொருள் கொள்ளும்போதும், ‘எனக்குச் சில பத்திரங்கள் கிடைக்கவில்லை’ என்றே பலர் கொள்வர். அஃதாவது, ஏனையவை கிடைத்திருக்கலாம். முழு மறுப்பாக இருந்த கூற்று அரைகுறை ஒப்புதலாகிவிடுகின்றது.

அவர் கூறியதைப் பிழையறச் சொல்ல இரு வழிகள் உள. சுட்டை முற்றாக நீக்கி ‘நொன் ஓ ரிச்செவூத்தோ தொக்குமெந்தி’ எனலாம். மறுப்பை அழுத்துவதற்கு ‘நெஸ்ஸூன் தொக்குமெந்தோ’ என ஒருமையில் வைக்கலாம். பின்னையது எமது ‘ஒரு பத்திரமும்’ என்பதோடு பெரிதும் ஒத்தது. மாறாக, ‘சிலதான் கிடைக்கவில்லை’ என்பதே கருத்தாயின், ‘அல்கூனி தொக்குமெந்தி’ என்பதை வாக்கியத்தின் முதலில் நிறுத்தி அதன்பின் மறுப்பதே ஐயத்துக்கு இடந்தராத வழி.

உடன்பாட்டு வாக்கியங்களிலும் சமன்பாடு போதியதன்று. ‘எனக்குக் கொஞ்சம் பணம் தேவை’ என்பதற்கான இத்தாலியத் தொடர், தானே ‘தி’ என்ற முன்னிடைச் சொல்லை வேண்டி நிற்பது. அதன்மேல் மற்றுமொரு ‘தி’யைக் கொண்ட பகுதிச் சுட்டை ஏற்ற முடியாது, ‘ஓ பிசோஞ்ஞோ தி சோல்தி’ எனச் சுட்டின்றியே சொல்லவேண்டும். ‘என்னிடம் சில உள’, ‘ஒன்றும் இல்லை’ எனப் பெயரின்றி விடையிறுக்கும்போதும் பகுதிச் சுட்டு தனித்து நில்லாது. ‘நே’ என்ற சிறு சொல்லே அதன் இடத்தை ஏற்கும். ‘சில’ எனப் பொருள்படும் ‘குவால்க்கெ’யோ ஒருமைப் பெயரையே கொள்ளும், ‘குவால்க்கெ லீப்ரோ’ என்பதே முறை. பாண், நீர் போன்ற எண்ணப்படாப் பொருள்களோடு அது சேராது. எந்தக் குழந்தையும் அறியும் என்ற பொருளில் வரும் ‘எனி’க்கு ‘குவால்சீயாசி’ என முற்றிலும் வேறு சொல் வேண்டும்.

இவற்றிலிருந்து ஒன்று தெளிவாகின்றது. ஆங்கிலம் தன் இரு சொற்களையும் பெரும்பாலும் உடன்பாடு, எதிர்மறை, வினா என்ற அடிப்படையிற் பகுக்கின்றது. இத்தாலியம் அவ்விடத்திற் பகுப்பதில்லை; எண்ணப்படும் பொருளா, கூறொன்று உண்டென உறுதிசெய்யப்படுகின்றதா, அல்லது முற்றாக மறுக்கப்படுகின்றதா என்பனவே அங்கு வினாக்கள். எனவே சொல்லுக்குச் சொல் ஈடு தேடுபவர், கேட்கவேண்டிய வினாவையே தவறவிடுகின்றார். கைநூலாசிரியர்கள் தமது அட்டவணையின் எதிர்மறைப் பகுதியிலிருந்து பகுதிச் சுட்டை நீக்குவது சிறு திருத்தமே. ஆயினும், தம் வாய்மொழியையே சான்றாகக் கொண்டு அலுவலக மேசைக்கு முன் நிற்பவருக்கு அது சிறிதன்று.