மோட்டுவின் உதடும் தமிழ்ச் சொல்லும்

2012 முதல் நிக்கலோடியனில் வரும் 'மோட்டு பட்லு' தொடரில், சமோசா கிடைக்காத நேரத்தில் மோட்டு சொல்லும் வசனம் ஒன்று உண்டு: 'காலி பேட் மேரே திமாக் கீ பத்தி நஹீன் ஜல்தீ.' வயிறு காய்ந்தால் மூளையில் விளக்கு எரியாது என்று பொருள். ஹிந்தி கார்ட்டூனைத் தமிழில் பேசவைக்கும் வேலையின் பலமும் பலவீனமும் இந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

இதைச் சொல்ல வாய் 14 முறை திறக்கிறது. நான்கு இடங்களில் உதடு முழுதாக மூடித் திறக்கிறது: பேட், மேரே, திமாக், பத்தி. ஹிந்திக்கு வரைந்த இந்த வாயைத் தமிழுக்காக யாரும் திருப்பி வரைவதில்லை. 'வெறும் வயித்துல என் மூளையோட விளக்கு எரியாது' என்று நேராக எழுதினால் 18 வந்துவிடும். மோட்டு வாயை மூடிய பிறகும் குரல் ஓடும்; 'பத்தி' என்று உதடு ஒட்டும் இடத்தில் நாம் 'ளை' என்று வாய் திறந்திருப்போம்.

இப்படி மாற்றிப் பார்க்கலாம்: 'வெறும் வயித்துல மண்டை பல்பு எரியாதே!' இதிலும் சரியாக 14. 'வெறும்' என்பதன் மகர மெய், 'பேட்' தொடங்க உதடு மூடும் கணத்தில் விழுகிறது. 'திமாக்'கின் மகரத்துக்கு 'மண்டை', 'பத்தி'க்கு 'பல்பு'. 'மேரே' மட்டும் பொருந்தவில்லை; பொருளில் 'என்' போனதும் அந்த இடத்தில்தான். யாருடைய மண்டை என்று எந்தக் குழந்தையும் கேட்காது, ஆகவே அது நஷ்டமில்லை. 'எரியாது' என்று முடித்தால் கடைசிக் குற்றியலுகரம் சட்டென்று அறுந்துவிடும். 'ஜல்தீ' என்று இளித்தபடி நிற்கும் வாய் ஊமையாகும். 'எரியாதே' என்ற நெடில் அதை நிரப்புகிறது, கூடவே மோட்டுவின் புலம்பலையும் தருகிறது. வாயசைவுக்குக் கட்டுப்பட்டதால் வசனம் மேலும் நல்ல தமிழானது என்றே சொல்வேன்.

இதற்கு மொழியும் ஒத்துழைக்கிறது. இரண்டிலும் வினை கடைசியில்தான் வரும், கையை வீசும் இடமும் பெரும்பாலும் அதுவே. எதிர்மறையில் மட்டும் சிறு இடறல்: ஹிந்தியில் 'நஹீன்' வினைக்கு முன்பே வந்துவிடும், தமிழில் 'ஆ' என்று வினைக்குள் ஒளிந்திருக்கும். பாத்திரம் தலையை ஆட்டி முடித்த பிறகுதான் நம் மறுப்பு காதில் விழும்.

ஆனால் எல்லா வரியிலும் இந்தக் கணக்கைப் போட்டால் தமிழ் செத்துவிடும். முகம் நெருக்கத்தில் தெரியாத காட்சியிலும், பாத்திரம் முதுகைக் காட்டி ஓடும்போதும் எண்ணிக்கைக்காக 'டேய்', 'அட', 'சரி சரி' என்று திணிப்பதைத்தான் நான் பெருங்குறையாகக் கருதுகிறேன். அங்கே தொடக்கமும் முடிவும் ஒத்தால் போதும். நெருக்கக் காட்சியில்கூட கண் பிடிப்பது உதடு மூடும் கணத்தையும் வரி முடியும் கணத்தையும்தான். இடையில் 'அ' வந்ததா 'எ' வந்ததா என்று யாரும் பார்ப்பதில்லை.

குரல் இதைவிடக் கடினம். தொடரின் ஹிந்திப் பாத்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு சௌரவ் சக்ரவர்த்தி ஒருவரே குரல் கொடுத்தார். ஒரே தொண்டையிலிருந்து வரும் ஆட்களைப் பிரித்துக்காட்டப் பேச்சுவழக்குதான் பெரிய துணை. டாக்டர் ஜட்கா பஞ்சாபிச் சாயலில் பேசுவார். இன்ஸ்பெக்டர் சிங்கம் பேசுவதோ தென்னிந்தியர் பேசும் ஹிந்தி. வடக்கே சிரிப்பு வருவது அந்த உச்சரிப்பால். தமிழில் அந்தத் தூரமே இல்லை. எல்லாரும் தமிழ்தான் பேசுகிறார்கள். அவர் வாயில் கொங்குத் தமிழையோ நெல்லைத் தமிழையோ வைத்தால், கேலி இன்னொரு ஊரின் தலையில் ஏறும், அவ்வளவுதான். அந்த ஊர்க் குழந்தையும் இதே சேனலைத்தான் பார்க்கிறது.

அவரிடம் உச்சரிப்புக்கு அடியில் இருப்பது தற்பெருமை. 'சிங்கம் கே சங்குல் ஸே பச்னா இம்பாசிபிள்' என்ற முழக்கத்தில், தன் பிடியிலிருந்து தப்ப முடியாது என்ற மிதப்பும் 'சிங்கம்–சங்குல்' என்ற மோனையும் சேர்ந்து வேலை செய்கின்றன. 'சிங்கம்கிட்ட சிக்கினா தப்பவே இம்பாசிபிள்' என்றால் மோனை நிற்கிறது, 'பச்னா'வின் பகரத்தருகே 'தப்ப'வும் விழுகிறது. அதையே மேடைப் பேச்சாளர் போல் நிறுத்தி, இழுத்து, மீசையைத் தடவும் குரலில் சொன்னால் ஆள் தனியாகத் தெரிவார். 2010இல் சூர்யா நடித்த 'சிங்கம்' பார்த்த வீட்டில் அந்தப் பெயருக்கே தனி முறுக்கு உண்டு. ஹிந்தி மூலத்தைவிடத் தமிழுக்குக் கூடுதலாகக் கிடைக்கும் லாபம் அது.