டபரா டம்ளரில் தெரியும் விளக்கு

விளம்பரப் படம் எடுப்பவர்கள் பேசிக்கொள்ளும்போது மூன்று சொற்கள் திரும்பத் திரும்ப வரும்: சாஃப்ட்பாக்ஸ், ரிம் லைட், கோல்டன் ஹவர். வெளியே நின்று கேட்பவருக்கு இவை மூன்று வகை வெளிச்சங்கள் என்றும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றும். மூன்றும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். சாஃப்ட்பாக்ஸ் என்றால் விளக்கின் முகம் எவ்வளவு பெரிது என்று தெரிகிறது. ரிம் லைட் என்றால் விளக்கு எங்கே நிற்கிறது என்று தெரிகிறது. கோல்டன் ஹவர் என்றால் எந்தப் பொழுது என்று தெரிகிறது. ஆகவே ஒரே சாஃப்ட்பாக்ஸைத் தூக்கிப் பொருளுக்குப் பின்னால் வைத்தால் அதுவே ரிம் லைட் ஆகிவிடும். ஒரு படத்தைப் பார்க்கும்போது அளவு, இடம், பொழுது என்று இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேட்கப் பழகினால், அந்தப் படம் நம் மனத்தை எங்கே கொண்டுபோகிறது, எப்படிக் கொண்டுபோகிறது என்பது பிடிபட ஆரம்பிக்கும்.

பழகிப் பார்க்கப் பித்தளை டபரா டம்ளரை விட நல்ல பொருள் எனக்குத் தெரியவில்லை. மண்பானை தன்மேல் விழுந்த வெளிச்சத்தை நாலாபக்கமும் சிதறடிக்கும். எங்கிருந்து வந்தது என்று சட்டென்று சொல்ல முடியாது. புளி போட்டுத் தேய்த்த பித்தளை அப்படியல்ல, கண்ணாடி மாதிரி எதிரே இருப்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். டம்ளரின் வளைந்த உடம்பில் விளக்கு, ஜன்னல், மேஜை விரிப்பு, படம் எடுப்பவரின் சட்டை எல்லாமே நீண்டு மெலிந்து நிற்கும். சித்தி வீட்டில் அப்படி ஒரு பழைய செட் இருக்கிறது. டம்ளரின் விளிம்புக்குக் கீழே புள்ளி புள்ளியாகப் பாட்டியின் பெயர் வெட்டியிருக்கும். அதை மூன்று விதமாகப் படம் எடுத்துப் பார்த்தேன்.

முதலில் சாஃப்ட்பாக்ஸ். வெளியே கறுப்பும் உள்ளே வெள்ளிப் பூச்சும் உள்ள துணிப்பெட்டி அது. உள்ளே விளக்கு இருக்கும், முன்பக்கம் வெள்ளைத் துணி மூடியிருக்கும். விளக்கின் சிறு புள்ளி அந்தத் துணி முழுக்கப் பரவி, ஒரு சின்ன ஜன்னல் அளவு முகமாக மாறுகிறது. வெளிச்சத்தின் மென்மை அந்தத் துணியில் இல்லை, அந்த முகத்தின் அளவில் இருக்கிறது. அதுவும் பொருள் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதுதான் கணக்கு. 60-க்கு 90 செ.மீ. பெட்டியை டம்ளருக்கு அரை மீட்டர் பக்கத்தில் வைத்தால் நிழலின் ஓரம் கரைந்துபோகும். அதே பெட்டியை 3 மீட்டர் தள்ளி வைத்தால் நிழலின் ஓரம் முன்னைவிடத் தெளிவாக விழும். சூரியன் எவ்வளவு பெரியது! ஆனாலும் உச்சிவெயிலில் நம் நிழல் கூர்மையாக விழக் காரணம், அது அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு வானத்தில் அரை டிகிரி அளவே தெரிவதுதான்.

டம்ளருக்கு இடப்பக்கம், சற்று முன்தள்ளிப் பெட்டியை வைத்தேன். உடம்பில் மேலிருந்து கீழாக ஒரு வெளிர் பட்டை ஓடியது. அதைப் பளபளப்பு என்று நாம் சொல்கிறோம், அது சாஃப்ட்பாக்ஸின் முகம். அடுத்த முறை பாத்திர விளம்பரமோ வாட்ச் விளம்பரமோ பார்க்கும்போது முதலில் அந்தப் பட்டையைத் தேடுங்கள். ஓரம் நேராக நின்றால் அங்கே ஒரு பெட்டி இருந்திருக்கிறது. நடுவே குறுக்குச் சட்டம் தெரிந்தால் அது ஜன்னல். ஒரு பொட்டு மட்டும் சுள்ளென்று மின்னினால் மூடாத பல்பு. பட்டையின் ஓரம் மெல்ல மெல்ல மங்கி இருட்டில் கலந்தால், விளக்குக்கும் பொருளுக்கும் நடுவே யாரோ ட்ரேசிங் பேப்பர் தொங்கவிட்டிருக்கிறார்கள். கடைசியாகச் சொன்னதில்தான் பொருள் விலை உயர்ந்ததாகத் தெரியும். உலோகத்தின் வளைவைக் கண்ணே தடவிப் பார்ப்பதுபோல் இருக்கும்.

இந்த வெளிச்சத்தில் எனக்குப் பிடித்தது அதன் வெளிப்படைத்தன்மை. கடைக்காரர் பொருளை எடுத்துக் கையில் கொடுத்து, திருப்பிப் பாருங்கள் என்று சொல்வதுபோல் இருக்கும். இணையக் கடைகளில் வெள்ளைப் பின்னணியில் இதையே அதிகம் பார்க்கிறோம். ஆனால் இது ஒன்றை மறைக்கும். சித்தி வீட்டு டம்ளரில் ஒரு சொட்டை உண்டு. பெரிய, மெல்லிய வெளிச்சத்தில் அது காணாமல் போயிற்று. பாட்டியின் பெயரும் போயிற்று. வெட்டெழுத்தின் பள்ளம் எந்தப் பக்கம் சாய்ந்திருந்தாலும் அதில் அந்த அகன்ற முகத்தின் ஏதோ ஒரு துண்டு பிரதிபலிக்கிறது. பள்ளமும் மேடும் ஒரே நிறமாகிவிடுகின்றன. டம்ளரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, எழுத்துகளைப் பட்டையின் ஓரத்துக்கு, வெளிச்சமும் இருட்டும் சேரும் இடத்துக்குக் கொண்டுவந்ததும் புள்ளிகள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. பழைய பாத்திரத்தைப் படம் பார்த்து வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்கலாம்: பட்டை அகலமாக இருக்கும் படத்தில் சொட்டையைத் தேடுவது வீண்.

இந்த வெளிச்சத்தில் எளிதாக நேரும் தவறு, அதை அதிகமாக்குவது. பித்தளை, தாமிரம், தங்கம் ஆகியவை தம்மேல் பிரதிபலிப்பதற்கும் தம் நிறத்தைக் கொடுத்துவிடும். பிளாஸ்டிக்கோ கண்ணாடியோ அப்படிச் செய்யாது, அவற்றில் விளக்கின் நிறமே மின்னும். ஆகவே பட்டை மஞ்சளாக இருக்கும்வரைதான் பித்தளை பித்தளையாகத் தெரியும். அது வெளுத்துப்போனால், பித்தளை நிறப் பெயின்ட் அடித்த பிளாஸ்டிக் டம்ளர் மாதிரி ஆகிவிடும். போனில் எடுப்பதானால் திரையில் டம்ளரைத் தொட்டு, வெளிச்சத்தை மஞ்சள் திரும்பும்வரை குறைக்க வேண்டும். இருபுறமும் கறுப்பு சார்ட் துண்டு நிறுத்தினால் டம்ளரின் ஓரங்களில் கருங்கோடு விழும். வெள்ளைப் பின்னணியில் உருவம் கரையாமல் நிற்க அது போதும்.

அடுத்தது ரிம் லைட். அறையை இருட்டாக்கி, டம்ளருக்குப் பின்னால் கறுப்புத் துணி கட்டி, விளக்கைப் பின்பக்கம் ஒரு ஓரமாக, கேமராவின் கண்ணில் படாத இடத்தில் வைத்தேன். டம்ளரின் வயிறு இருளில் மூழ்கியது. விளிம்பிலும் ஒரு பக்க ஓரத்திலும் மட்டும் பொன்கம்பி போல ஒரு கோடு. பொருளைப் பற்றிய தகவல் பாதிக்கு மேல் போய்விட்டது, ஆனாலும் கண் நகர மறுக்கிறது. கோட்டை மட்டும் கொடுத்தால் மிச்சத்தை மனம் வரைந்துகொள்கிறது. வாட்ச், வாசனைத் திரவிய விளம்பரங்கள் இந்த வெளிச்சத்தை நாடுவது இதனால்தான். பொருள் இன்னும் முழுதாக நமக்குக் கிடைக்கவில்லை என்ற ஏக்கத்தை அது உண்டாக்குகிறது.

காபிக்கு இந்த வெளிச்சத்தில் தனிச் சலுகை உண்டு. ஆவி என்பது நுண்ணிய நீர்த்துளிகள். தம்மேல் படும் வெளிச்சத்தில் பெரும்பங்கை அவை, அது போய்க்கொண்டிருந்த திசையிலேயே முன்னோக்கி அனுப்பும். முன்னாலிருந்து விளக்கடித்தால் ஆவி தெரியாது. வெள்ளைச் சுவரின் முன்னால் சுத்தமாகத் தெரியாது. பின்னால் விளக்கும் அதற்குப் பின்னால் இருட்டும் இருந்தால் ஒவ்வொரு சுருளும் தெரியும். ஆற்றி ஊற்றிய காபியின் நுரையும் அப்படித்தான். பின்னாலிருந்து தாழ்வாக வரும் வெளிச்சத்தில் குமிழி குமிழியாகப் பிரிந்து நிற்கும். அந்தப் படம் எனக்கு விடியாத சமையலறையை நினைவூட்டியது. வீட்டில் ஒருவர் மட்டும் எழுந்திருக்கிறார், மற்றவர்கள் தூக்கத்தில்.

ரிம் லைட் கெட்டுப்போவதைக் கண்டுபிடிப்பது எளிது. கோடு இருபுறமும் ஒரே தடிமனாக, சுற்றிவர ஓடினால் பொருள் கத்தரித்து ஒட்டிய படம் போல ஆகிவிடும். ஒரு பக்கம் மெலிந்தோ அறுந்தோ இருக்க வேண்டும். படம் முழுக்க வெளிறிய புகைபோல் படிந்திருந்தால் விளக்கு நேராக லென்சுக்குள் புகுந்திருக்கிறது. நடுவே ஓர் அட்டையைப் பிடித்தால் சரியாகும். தூசியும் கைரேகையும் இதில் நட்சத்திரம் போல மின்னும் என்பதால் டம்ளரைத் துணியால் பிடித்துத்தான் வைக்க வேண்டும்.

மூன்றாவது கோல்டன் ஹவர், நம் ஊர் மஞ்சள் வெயில். பெயரில் மணி இருந்தாலும் நமக்கு ஒரு மணி நேரம் கிடைக்காது. சூரியன் அடிவானத்துக்கு மேல் 6 டிகிரிக்குள் இறங்கிய பொழுதை எடுத்துக்கொண்டால், சென்னையில் அது ஏறத்தாழ 25 நிமிடம்தான். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் கிட்டத்தட்டச் செங்குத்தாக இறங்குகிறது. லண்டன் போன்ற வடக்கு ஊர்களில் சாய்ந்து இறங்குவதால் பொழுது நீள்கிறது. தாழ்ந்த வெயில் காற்றுக்குள் நெடுந்தூரம் கடந்து வருகையில் நீலம் வழியிலேயே சிதறிவிட, மஞ்சளும் சிவப்பும் நம்மிடம் வந்து சேர்கின்றன. 6 டிகிரியில் நிழல் பொருளின் உயரத்தைப் போல் ஒன்பது மடங்குக்கும் மேல் நீளும். 9 செ.மீ. டம்ளருக்கு ஏறத்தாழ 85 செ.மீ. நிழல். மொட்டைமாடிக் கட்டைச் சுவரின் மேல் வைத்து எடுத்தபோது படத்தில் பாதி நிழல்தான் இருந்தது.

சாஃப்ட்பாக்ஸில் மணி எத்தனை என்று தெரியாது, இதில் தெரியும். சிறிது நேரத்தில் முடிந்துவிடும் என்பதும் தெரியும். இந்த வெளிச்சத்தில் எடுத்த பொருள் நினைவுபோலத் தோன்றுவதற்கு அந்த நீண்ட நிழல்தான் காரணம் என்று நினைக்கிறேன். நிஜமான மாலையா, ஸ்டுடியோவில் மஞ்சள் தாள் ஒட்டிய விளக்கா என்று பார்க்கவும் நிழலையே பார்க்க வேண்டும். தெளிந்த மாலையில் வெயில் படாத இடத்துக்கு வானத்தின் வெளிச்சம் மட்டும் வருவதால் நிழலில் நீலம் ஓடும். நிழலும் மஞ்சளாக இருந்தால் பெரும்பாலும் செயற்கை.

எனக்கு ஆச்சரியம் தந்தது இதுதான்: பொன் வெயிலில் பித்தளை அவ்வளவாகச் சோபிக்கவில்லை. வெயிலும் மஞ்சள், உலோகமும் மஞ்சள், இரண்டும் ஒன்றில் ஒன்று கரைந்துவிட்டன. பக்கத்தில் இருந்த சாதாரண எவர்சில்வர் டம்ளர் ஒரு பக்கம் பொன்னும் மறுபக்கம் வான்நீலமும் வாங்கிக்கொண்டு ஜொலித்தது. பித்தளைக்கு மஞ்சள் தெரிய வேண்டுமானால் பக்கத்தில் குளிர்ந்த நிறம் ஒன்று வேண்டும். சித்தி தன் கருநீலச் சுங்குடிப் புடவையை மடித்துக் கீழே விரித்தார். டம்ளர் உடனே பிரிந்து நின்றது. போன் வெயிலின் மஞ்சளைத் தானாகவே திருத்த முயன்றதால், நிறத் திருத்தத்தை வெயிலுக்குரிய அமைப்பில் மாறாமல் பூட்டிவைத்தேன்.

சூரியன் எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தொட இன்னும் ஐந்து நிமிடம் இருக்கும். டம்ளரை அரை விரற்கடை திருப்பியபோது வெயில் அதன் உடம்பை உரசிக்கொண்டு போனது. வெட்டிய ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் ஒரு சிறு மினுக்கம் ஏறியது. சித்தி கண்ணாடி போடாமலே பாட்டியின் பெயரைப் படித்தார்.